சீட்டா, தடைக்காலக் காசா? கணக்கு சொல்லுங்கள்

அண்ணன்மாரே, அக்காமாரே, நாங்கள் பாம்பன். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மாதம் 5,000 ரூபாய் சீட்டு போடலாம் என்பது என் ஆசை, அவருக்கோ சொந்த வள்ளத்துக்குக் கையில் காசாகச் சேர்க்க வேண்டும், இதிலேயே தினமும் சண்டை.

நேற்று இருவருமாக உட்கார்ந்து போன வருட வரவை நோட்டில் எழுதிப் பார்த்தோம். கடலுக்குப் போகிற பத்து மாதத்தில் சராசரி 22,000, வீட்டுச் செலவு 15,000. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்கு மட்டும் 30,000 வேண்டும், அதற்கு மாதம் 3,000 ஒதுக்கினால் மிச்சம் வெறும் 4,000தான். இதை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை! சரி, சீட்டை 2,000 ஆக்கி மீதியை வள்ளத்துக்கு வைக்கலாம் என்கிறார். ஆனால் பாடு குறைந்த மாதம் 14,000கூட வந்திருக்கிறது, சீட்டுக்காரர் காத்திருப்பாரா? அந்த மாதங்களை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?