12 இருக்கை வண்டியில் 15 பேர்: விபத்துக்குப் பின் காப்பீடு எதுவரை துணை வரும்?

திண்டுக்கல் உறுப்பினர்

என் மைத்துனர் 12+1 இருக்கை கொண்ட டெம்போ டிராவலர் ஒன்றைச் சுற்றுலா வாடகைக்கு விட்டு வருகிறார். பழனியில் திருமணம் முடிந்து திரும்பும்போது பெண் வீட்டு உறவினர் மூவர், வேறு வண்டி கிடைக்காததால், இதில் ஏறிக்கொண்டனர். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மழையில் வண்டி சறுக்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் பலருக்கு எலும்பு முறிந்தது. பெர்மிட், எஃப்சி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் நடப்பில் இருந்தன. எனினும் ஓட்டுநரிடம் இருந்த பயணிகள் பட்டியலில் 12 பெயர்களும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் 15 பெயர்களும் இருந்தன. அந்த வேறுபாட்டைக் காட்டி, பெர்மிட் நிபந்தனை மீறப்பட்டதால் தங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் தீர்ப்பாயத்தில் எதிருரை தாக்கல் செய்திருக்கிறது. இதே நிலையைச் சந்தித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

கோவை உறுப்பினர்

எனக்குத் தெரிந்தவரை, ஓர் ஆள் கூடினாலும் பாலிசி செல்லாது. எங்கள் ஸ்டாண்டில் ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று; முழுத் தொகையையும் உரிமையாளரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

மதுரை உறுப்பினர் (விபத்து வழக்குகளைக் கவனிப்பவர்)

கோவை நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. அவர் சொல்லும் வண்டிக்கு பெர்மிட் நடப்பில் இருந்ததா என்று பாருங்கள். பெர்மிட்டே இல்லாமல் ஓட்டுவது அடிப்படை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் கூறியது. அங்கும்கூட, நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றுதான் முடிந்தது.

பெர்மிட் இருந்து ஆள் மட்டும் கூடியிருந்தால், 2007ஆம் ஆண்டின் அஞ்சனா ஷியாம் தீர்ப்பைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை பயணிகளுக்குப் பொறுப்பு ஏற்கப்பட்டதோ அத்தனை பேருக்கு நிறுவனம் கட்ட வேண்டும் என்பதும், எந்தப் பன்னிரண்டு பேர் என்ற சண்டை வராமல் இருக்க, வழங்கப்பட்ட தொகைகளில் மிகப் பெரிய பன்னிரண்டையும் கூட்டி அந்தத் தொகையைச் செலுத்த வேண்டும் என்பதும் அதன் சாரம். பிறகு அது எல்லாருக்கும் விகிதப்படி பிரித்துத் தரப்படும்.

ஓர் எடுத்துக்காட்டாக, 15 பேருக்கும் சேர்த்து 50 லட்சம் வழங்கப்பட்டு, அதில் பெரிய பன்னிரண்டு தொகைகள் 48 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 48 லட்சத்தைக் கட்டும். ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 96 பங்கு அதிலிருந்து கிடைக்கும். 10 லட்சம் வழங்கப்பட்டவர் 9.60 லட்சத்தை நிறுவனத்தின் தொகையிலிருந்தும், மீதி 40,000 ரூபாயை உங்கள் மைத்துனரிடமிருந்தும் பெற வேண்டும். ஆகவே அவர் தலையில் விழுவது மொத்தமாக 2 லட்சம். ஆனால் சாலையில் நிறுத்திச் சோதித்திருந்தால், கூடுதல் பயணி ஒருவருக்கு 200 ரூபாய் அபராதம்தான். கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே வண்டியை எடுக்க விடுவார்கள். அந்தச் சிறு தொகையைப் பார்த்துத்தான் பலர் துணிகிறார்கள் என்பது என் வருத்தம்.

சேலம் உறுப்பினர்

ஓட்டுநருக்கு பேட்ஜ் இல்லையென்றால் க்ளைம் போய்விடும் என்று எனக்குச் சொன்னார்கள். உங்களுக்கும் அதுதானே சிக்கல்?

மதுரை உறுப்பினர்

அவர்கள் வழக்கில் உரிமம் பற்றிய பேச்சே இல்லை, ஐயா. இருந்தாலும், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது.

தாம்பரம் உறுப்பினர்

நான் இரண்டு டிராவலர்கள் வைத்திருக்கிறேன். புதுப்பிக்கும்போது ஆர்சி, பெர்மிட், பாலிசி மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருக்கை எண்ணை ஒப்பிடுவேன். ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டிக்கு, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் தரப்புக் கட்டணத்தில் அடிப்படை 14,343 ரூபாய், அதன்மேல் பயணி ஒருவருக்கு 877 ரூபாய். எனக்கு வந்த ஒரு குறைந்த விலைக் கொட்டேஷனில், ஆர்சியில் 12 இருக்க, 10 பயணிகளுக்கு மட்டுமே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கான 1,754 ரூபாயைக் குறைத்து விலையைக் கவர்ச்சியாகக் காட்டிய அந்த பாலிசியை நான் வாங்கவில்லை. நடைவழியில் மடக்கு இருக்கை போட்டிருப்பவர்கள், அது ஆர்சியில் ஏறாதவரை, காப்பீட்டுக் கணக்கில் வராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் உறுப்பினர்

விளக்கத்துக்கு நன்றி. எங்கள் வண்டியில் ஆர்சி, பெர்மிட், பாலிசி மூன்றிலும் 12தான் இருக்கிறது. கூடுதலாக ஏறிய மூவரில் ஒன்று தாயின் மடியில் இருந்த மூன்று வயதுக் குழந்தை. குழந்தையை ஓர் ஆளாகக் கணக்கிடக் கூடாது என்று எங்கள் வழக்கறிஞரும், கணக்கிட வேண்டும் என்று நிறுவனத்தின் வழக்கறிஞரும் வாதிட்டு வருகிறார்கள். தீர்ப்பாயம் இன்னும் முடிவு சொல்லவில்லை. அதுபற்றித் தீர்ப்பு எதையேனும் கண்டவர்கள் இருந்தால் தெரிவியுங்கள்.