வெப்சைட்டுக்கு முகப்படம் எடுத்தோம், ஆறு பேரும் ஒரே நிறத்தில் வந்தோம்

கே.கே. நகர்:
எங்களுடையது ஆறு பேர் உள்ள சின்ன கன்சல்டிங் நிறுவனம். வெப்சைட்டில் போடுவதற்காகத் தெரிந்த ஸ்டூடியோ ஒன்றில் வெள்ளைத் திரைக்கு முன் உட்கார்ந்து ஆளுக்கொரு படம் எடுத்தோம். வந்ததைப் பார்த்தால் ஆறு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒரே நிறம். நான் நல்ல கறுப்பு. படத்தில் சாம்பல் பூசியது மாதிரி இருக்கிறேன். மூத்த பார்ட்னர் தினமும் விபூதி வைப்பவர். தோலை வழவழப்பாக்கியதில் மூன்று பட்டையும் கலைந்து, நெற்றியில் ஏதோ கறை போல நிற்கிறது. "இது யாருய்யா?" என்று மட்டும் கேட்டார். மறுபடி எடுக்கப் போகிறோம். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

திருமங்கலம்:
எனக்கும் நடந்தது சார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தபோது முகத்தை வெளுத்துக் கொடுத்தார்கள், திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் பின்னணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், அதை மாற்றிவிடாதீர்கள்.

தல்லாகுளம்:
தம்பி, அது பாஸ்போர்ட் விதி. இவர் கேட்பது வெப்சைட்டுக்கு. நான் இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். பாதி வினையே அந்த வெள்ளைத் திரைதான் என்று நினைக்கிறேன். கேமராவை ஆட்டோவில் விட்டால், பளிச்சென்ற திரையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகம் இருண்டுவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் தூக்குவார்கள். கறுத்த தோலை அப்படித் தூக்கினால் உள்ளே இருக்கும் செம்மை போய் சாம்பல்தான் மிஞ்சும். சந்தேகம் இருந்தால் காதையும் கழுத்தையும் பாருங்கள். முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம் என்றால் கைவேலை நடந்திருக்கிறது. திருத்தாத படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அலங்காநல்லூர்:
இவ்வளவு எதற்கு அண்ணே? போனில் போர்ட்ரெய்ட் மோடு போட்டால் பின்னணி தானாக மங்கிவிடும். ஜன்னல் பக்கம் நிறுத்தி எடுத்தேன், பிரமாதமாக வந்தது.

தல்லாகுளம்:
ஜன்னல் சரி. போர்ட்ரெய்ட் மோடில்தான் வம்பு. சுருட்டை முடியின் ஓரத்தையும் கண்ணாடிக் காம்பையும் சேர்த்து மங்கவைக்கும். சில போன்களில் முகத்தை வழவழப்பாக்கும் வசதி, நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். அதை முதலில் அணையுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும். ஆறடி தள்ளி நின்று 2x-இல் எடுங்கள்.

கே.கே. நகர்:
திருத்தாத படத்தை வாங்கிப் பார்த்தேன். அண்ணன் சொன்னதுதான், முகம் இருட்டு.

போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆபீஸிலேயே எடுத்தோம். விளக்குத்தூண் பக்கம் பள்ளிச் சீருடைக்கு விற்கும் சாம்பல் துணி வாங்கி, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டோம். ஆள் ஜன்னலுக்கு மூன்றடியில், துணி அவருக்கு ஆறடி பின்னால். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல். முதல் ஐந்தாறு படங்களில் ஒரு கன்னம் பச்சையடித்தது. டியூப்லைட்தான் காரணம் என்று அணைத்தோம், அப்போதும் போகவில்லை. எங்கள் சுவர் இளம்பச்சை! வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டியதும் சரியானது.

ஆறு பேருக்கும் கேமராவில் வைத்த வெளிச்ச அளவை மாற்றவே இல்லை. எனக்கு மட்டும் தெர்மகோலைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தோம். கன்ன எலும்பில் மெல்லிய பளபளப்பு விழுந்து முகத்துக்கு ஒரு உருவம் கிடைத்தது. வியர்வையை டிஷ்யூவால் ஒற்றினோம், பவுடர் போடவில்லை. பருவை எடுத்தோம். மச்சம், தழும்பு, விபூதி எதையும் தொடவில்லை.

பார்ட்னர்தான் கடைசிவரை விறைப்பு. "சிரிங்க சார்" என்றால் பல் மட்டும் தெரியும். உங்கள் முதல் கிளையன்ட் எப்படிக் கிடைத்தார் என்று கேட்டோம். பேசும்போது எடுத்தால் வாய் கோணியது. சொல்லி முடித்து மூச்சு விட்ட நொடியில் எடுத்ததைத்தான் போட்டிருக்கிறோம், கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது.

சிம்மக்கல்:
அடுத்த வருடம் ஏழாவது ஆள் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்? எங்கள் ஆபீஸில் அதே துணி, அதே ஜன்னல், மேகமூட்டமான நாள். புது ஆள் மட்டும் நீலமாகத் தெரிகிறார்.

தல்லாகுளம்:
எடுப்பதற்கு முன் ஆள் கையில் வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுத்து ஒரு படம் எடுத்து வையுங்கள் மேடம். பின்னால் அந்தத் தாளை வைத்து நிறத்தைச் சரிசெய்யலாம். ஆனால் மேகமூட்டத்தில் நிழலும் மென்மையாகிவிடும், அதைத் தாளால் திருத்த முடியாது.

கே.கே. நகர்:
தாள் எடுக்கவில்லையே அண்ணே. துணியை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன்.