புதிதாக வந்தவர்களுக்கான தாளில் முதல் வரி

ராணிப்பேட்டை சிஸ்டம்ஸ்

எங்கள் ஆபீஸில் இந்த மாதம் 6 பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வந்து வேலை பார்ப்பது பற்றி ஒரு பக்கத் தாள் எழுதச் சொன்னார்கள். எல்லாரும் பாஸ்வேர்டில் ஆரம்பிப்பார்கள். நான் சாயங்காலம் இணைப்பைத் துண்டிப்பதில் ஆரம்பித்திருக்கிறேன். காரணம், போன வருடம் நடந்தது.

ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்கும் தங்கச்சி ஒருத்தி, வீடு குடியாத்தத்தில். வேலை முடிந்ததும் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் அணைந்து எரியும், லேப்டாப் பேட்டரியில் நிற்கும், விபிஎன் தானாக மறுபடி இணையப் பார்க்கும். உடனே, உள்ளே வருவது நீங்கள்தானா என்று போனில் இருக்கும் செயலி அப்ரூவல் கேட்கும். கோடையில் ஒரே ராத்திரியில் மூன்று நான்கு தடவை. கரண்டி ஒரு கையில், `Approve` மறு கையில் என்று பழகிவிட்டது.

ஒரு நாள் ராத்திரி 11.20க்கு ஒன்று வந்தது. அன்றைக்கு லேப்டாப் பைக்குள் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் அதையும் அழுத்திவிட்டாள். காலையில் அவளே வந்து, “அண்ணா, நேத்து லேப்டாப்பே தொறக்கல, ஆனா கேட்டுச்சு” என்றாள். லாகைப் பார்த்தால் 11.21க்கு அவள் பெயரில் முன்பின் தெரியாத முகவரியிலிருந்து யாரோ உள்ளே வந்து, 40 நிமிடம் இன்வாய்ஸ் ஃபோல்டரை மேய்ந்திருக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டையே வேறு ஒரு தளத்திலும் வைத்திருந்தாளாம். அன்று முழுக்க வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டோம்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால் நம்பாதீர்கள் என்று.

அவளைத் திட்டவில்லை. அவள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. தாளில் எழுதியது இதுதான்: வேலை முடிந்ததும் விபிஎன்னில் `Disconnect` கொடுங்கள். அதற்கப்புறம் வரும் அப்ரூவல் உங்களுடையது அல்ல.

ஆற்காடு அக்கவுண்ட்ஸ்

நான் ரிமோட் ஜன்னலில் மேலே இருக்கும் எக்ஸ் குறியை அழுத்தி மூடிவிடுவேன். அதோடு எல்லாம் முடிந்ததுதானே? அப்புறம், இப்போது செயலி திரையில் தெரியும் எண்ணைப் போடச் சொல்கிறதே. தூக்கத்தில் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

காட்பாடி நெட்வொர்க்

எக்ஸ் அழுத்தினால் உங்கள் பக்கத்து ஜன்னல்தான் மூடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீங்கள் திறந்ததெல்லாம் திறந்தபடியே கிடக்கும், விபிஎன்னும் தனியாக ஓடும். காலையில் அந்தக் கம்ப்யூட்டரில் `quser` அடித்தால், மற்ற நெடுவரிசைகளை விட்டுவிட்டால், இப்படி இருக்கும்:

```
USERNAME   ID  STATE  IDLE TIME
acc03       2  Disc   14:32
```

`Disc` என்றால் ஆள் போய்விட்டார், செஷன் போகவில்லை. நீங்கள் திறந்துவிட்டுப் போன எக்செல் ஃபைலைப் பக்கத்து சீட்காரர் திருத்த முடியாமல் நிற்பது இதனால்தான். ஸ்டார்ட் மெனுவில் `Sign out`, பிறகு விபிஎன்னில் `Disconnect`. அந்த வரிசைதான்.

ராணிப்பேட்டைக்காரருக்கு: தாளில் இன்னொன்று சேருங்கள். `Deny` அழுத்தினால் வேலை முடியவில்லை. உங்களைப் போல பாஸ்வேர்டு போட்ட பிறகுதான் அப்ரூவல் கேட்கும் இடங்களில், கேள்வி வந்தாலே பாஸ்வேர்டு யார் கையிலோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும்.

வாணியம்பாடி

எனக்கும் இப்படித்தான் கேட்கிறது! ரிமோட்டில் போகும்போது எதிர்க் கம்ப்யூட்டரின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை. இனிமேல் கேட்காதே என்று டிக் போட்டேன். ஆறு மாதம் நிம்மதி. போன வாரம் மறுபடி வந்துவிட்டது. என்னையும் யாராவது…?

காட்பாடி நெட்வொர்க்

இது போனில் வருகிற கதை இல்லை, வேறு. கம்ப்யூட்டரின் அடையாளத்தைக் காட்ட விண்டோஸ் தானே தயாரித்துக்கொள்ளும் சான்றிதழுக்கு ஆயுள் 6 மாதம். புதுசு வந்ததும் பழைய டிக் செல்லாது. பெரும்பாலும் அதுதான். ஆனால் கம்ப்யூட்டர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், படம் எடுத்து உங்கள் ஐடி ஆளுக்கு ஒரு தடவை காட்டிவிட்டு அப்புறம் டிக் போடுங்கள்.

ஆம்பூர் பர்ச்சேஸ்

எண் கேட்டால் பயமில்லை என்று ஆற்காடு சொல்கிறார். எனக்கு ஒருவன் போன் செய்து, “சார், ஐடியிலிருந்து பேசறோம், சர்வர் மாத்தறோம், 47னு போடுங்க” என்றான். நல்ல சுத்தமான தமிழ். செயலியைத் திறந்தால் நிஜமாகவே எண் கேட்டு நின்றது. நானே திருப்பிக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு ஆபீஸ் ஐடி நம்பருக்கு அடித்தேன். அடித்தேன், அடித்தேன், ஒருவரும் எடுக்கவில்லை. மணி ஒன்பதரை. காலையில் சொன்னால், “நீங்கதான் போடலையே, விடுங்க” என்று பதில். பாஸ்வேர்டை நானாகவே மாற்றிக்கொண்டேன்.

ராணிப்பேட்டை சிஸ்டம்ஸ்

உடனே சொல்லுங்கள் என்று எழுதி, பக்கத்தில் நம்பருக்கு ஒரு கோடு விட்டிருக்கிறேன். ராத்திரியில் யார் போனை எடுப்பது என்று மேனேஜரிடம் இரண்டு தடவை கேட்டாயிற்று. கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இப்போதைக்கு என் நம்பரை எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன். வீட்டில்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.