கறுப்பு ட்ரேயில பட்டர் கேக் கரை கருகுது, நடு வேகுதில்லை

உப்புவெளிப் பிள்ளை: திருமலையில இருந்து டொரொன்டோவுக்கு இப்பதான் வந்தனாங்கள். அம்மாவின்ர அளவிலதான் பட்டர் கேக் போட்டன். 8 அங்குலக் கறுப்பு நொன்ஸ்டிக் ட்ரே, கீழ்க் கம்பித் தட்டு, 350 பாரன்ஹைட். கரையும் அடியும் கருகி, நடு கூம்பா எழும்பி வெடிச்சிட்டுது. ஈர்க்கு குத்திப் பார்த்தா ஈரமா வருது. ஓவன் பழுதோ?

டொக்யார்ட் ரோட்டு அக்கா: ஊரில ஓடருக்கு கேக் போட்ட ஆள் நான், சொல்லுறன். ஓவன் பழுதெண்டு இப்ப சொல்லேலாது. கறுப்பு ட்ரே கம்பியில இருந்து வாற வெக்கையை உறிஞ்சும். வெள்ளை அலுமினியம் அதில நிறையத் திருப்பி அடிச்சு, மிச்சத்தைச் சமனாப் பரப்பும். நீங்கள் கறுப்பை அடிக் கம்பிக்குக் கிட்டவும் வைச்சிட்டீங்கள். கரை கெதியா இறுகினதால நடுவில இருந்த மாக் கலவைக்கு மேல போறதைத் தவிர வழியில்லை, அதுதான் கூம்பும் வெடிப்பும்.

அந்த ட்ரேதான் எண்டா 325-க்கு இறக்கி, நடுக் கம்பித் தட்டில வையுங்கோ. சொன்ன நேரத்துக்கு 10 நிமிசம் முன்னமே பாக்கத் தொடங்குங்கோ.

நிலாவெளி அண்ணை, லண்டன்: கண்ணாடி ட்ரேயில போடு பிள்ளை. மெதுவாத்தான் சூடேறும், கருகாது. நான் சூட்டைக் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பன்.

டொக்யார்ட் ரோட்டு அக்கா: மெதுவாச் சூடேறுறது சரி அண்ணை. ஆனா ஏறின சூட்டை அது லேசில விடாது, வெளியில எடுத்தாப் பிறகும் கரை வெந்துகொண்டேயிருக்கும். கூட்டினா நடு வேகிறதுக்குள்ள கரை விசுக்கோத்தாப் போயிடும். கண்ணாடிக்கும் 25 பாரன்ஹைட் குறைச்சு, நேரத்தைத்தான் கூட்டவேணும். அடி நிறம் வெளியாலேயே தெரியும், அது ஒரு வசதி. சூட்டோட ஈரமான இடத்தில வைச்சா வெடிக்கும், கவனம்.

மூதூர் தம்பி: அக்கா, எனக்கு மறுபக்கம். மக்கறோனிக்கு மேல நிறமே வருதில்லை. நானும் கறுப்பு ட்ரே வாங்கவோ?

டொக்யார்ட் ரோட்டு அக்கா: ட்ரே மேல்பக்கத்துக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது தம்பி. கடைசி அஞ்சாறு நிமிசம் மேல் கம்பித் தட்டுக்கு மாத்தும். கண்ணாடி எண்டா மேல் கம்பியைப் பழுக்க வைக்கிற புரொயில் மட்டும் போடவேண்டாம்.

உப்புவெளிப் பிள்ளை: அலுமினிய ட்ரே வாங்கி, 325-ல நடுவில வைச்சன். தட்டையா, கருகாமல் வந்தது. ஆனா கரையெல்லாம் வெளிறிப் போச்சு.

டொக்யார்ட் ரோட்டு அக்கா: 325 கறுப்புக்குச் சொன்னது. அலுமினியத்துக்கு 350 வையுங்கோ. அப்பவும் வெளிறினா ஓவனுக்குள்ள ஒரு தேர்மோமீற்றர் வைச்சுப் பாருங்கோ, குமிழ் காட்டுற சூடு உள்ள இல்லாமலும் இருக்கும்.

நிலாவெளி அண்ணை, லண்டன்: என்ர ஓவன் காத்தாடி வைச்சது. அதுக்கெண்டே 20 செல்சியஸ் குறைக்கச் சொல்லுகினம். கறுப்பு ட்ரே எண்டா இன்னும் குறைக்கிறதோ?

டொக்யார்ட் ரோட்டு அக்கா: ரெண்டையும் சேர்த்துக் குறைச்சா சிலருக்கு கேக் அமுங்கிப் போகுதாம், சிலருக்கு சரியா வருதாம். நான் காத்தாடிக்கு மட்டும் குறைச்சு, நேரத்தோட கதவுக் கண்ணாடியால பார்ப்பன்.