அரபுத் தாளில் கையெழுத்து: போன் காட்டியதும் காட்டாததும்

தங்கச்சிமடத்துக்காரன்
சவூதியில் மீன் கம்பெனி ஐஸ் அறையில் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாளில் ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். முகாலசா, கணக்கு முடிக்கிற தாள், போனவர்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் நின்ற தொண்டிக்காரர் தன் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து தாள் மேல் பிடித்தார். திரையில் தமிழ் வந்தது: "எனது அனைத்து உரிமைகளையும் பெற்றுக்கொண்டேன்." கை லேசாக ஆடினாலே எழுத்து மாறிக்கொண்டிருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, 2000 ரியாலை எண்ணிப் பையில் வைத்தார்.

என் முறை வந்தபோது கவனித்தேன். தொகை எழுதிய இடம் மட்டும் திரையில் மாறவே இல்லை. அச்செழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது, பேனாவால் எழுதியது அப்படியே நிற்கிறது. அதில் இருந்தது ٣, அதாவது மூன்று. 1500 சம்பளம், நாலு வருடம், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கடைசியில் சேரும் என்றால் 3000தானே? தாளிலும் 3000. அவர் கைக்கு வந்தது 2000, எனக்கும் அதையே எண்ணிவைத்திருந்தார்கள். நான் கேட்டதும் எனக்கு மீதியைக் கொடுத்துவிட்டார்கள். "அவருக்கு?" என்றேன். "அவர் கையெழுத்துப் போட்டாச்சு" என்று ஃபைலை மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பாம்பன் தம்பி
அண்ணே, இது நெட் பிரச்சினை. கிளம்பும் முன்பே அரபி, தமிழ் இரண்டு மொழிக் கோப்பையும் போனில் இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே எல்லாம் படிக்கும். நான் அப்படித்தான் போனேன், ஒரு குறையும் இல்லை.

மண்டபம் அக்கா
நீங்கள் அங்கே போனதைச் சொல்கிறீர்கள், எனக்கு இங்கேயே அந்தப் பாடு. எங்கள் நண்டு ஷெட்டில் ஒடிசாப் பிள்ளைகள் நிறைய. ஒரு பிள்ளையின் குழந்தைக்குக் காய்ச்சல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். "என்னைக்கிலேருந்துடி காயுது?" என்று போனில் ஒடியாவுக்கு மாற்றிக் கேட்டால், வெயிலில் எதையோ காயப்போட்டதைப் பற்றிக் கேட்டதுபோல அவள் என்னைப் பார்க்கிறாள். அப்புறம் செய்தி வாசிப்பதுபோல, "குழந்தைக்கு எந்த நாள் முதல் காய்ச்சல்?" என்றேன். உடனே மூன்று விரலைக் காட்டினாள். போனில் பேசும்போது நம் வீட்டுப் பேச்சை ஓரமாக வைத்துவிடுங்கள்.

கீழக்கரை டைப்பிஸ்ட்
தம்பி, கோப்பை இறக்குவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேமரா அச்சைத்தான் நன்றாகப் படிக்கும். கையெழுத்தில் தடுமாறும், அல்லது விட்டுவிடும். தங்கச்சிமடத்துக்காரர் சொன்னது அதைத்தான்.

தம்மாமில் தாள் டைப் அடித்துக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். ஒன்று சொல்கிறேன், எண்களை மட்டும் போனிடம் விடாதீர்கள். அரபு சைபர் ஒரு புள்ளி. ஐந்து நம் சைபர் மாதிரி வட்டம். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு பல்தான் வித்தியாசம், வேகமாக எழுதினால் அதுவும் தேய்ந்துவிடும். கற்றுக்கொள்ளப் புத்தகம் தேவையில்லை. அங்கே கார் நம்பர் பிளேட்டில் அரபு எண்ணும் நம் எண்ணும் சேர்ந்தே இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தாலே மனதில் நின்றுவிடும்.

அடுத்தது தேதி. ஒருவர் இக்காமா என்ற தங்கும் அனுமதி அட்டையைக் கொண்டுவந்தார். 1446/09/10 என்று போன் சரியாகத்தான் படித்திருந்தது. ஒன்பதாம் மாதம், செப்டம்பர் வரை கவலையில்லை என்று இருந்தார். அது ஹிஜ்ரி தேதி. ஒன்பதாம் மாதம் ரமலான், அந்த வருடம் ரமலான் பத்து என்பது 2025 மார்ச் 10. எண்ணைப் போன் மாற்றும், காலண்டரை மாற்றாது. தேதிக்குப் பக்கத்தில் هـ இருந்தால் ஹிஜ்ரி, م இருந்தால் நம் காலண்டர். வருடம் 14இல் தொடங்கினாலே புரிந்துவிடும்.

தாளை ஓடுகிற கேமராவில் பார்க்காதீர்கள். மேசையில் விரித்து, நேர் மேலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தை மொழிபெயர்க்கக் கொடுங்கள். எழுத்து ஆடாது, ஊரில் யாருக்காவது அனுப்பவும் ஒரு நகல் இருக்கும். ஒப்பந்தத்தில் ஆங்கிலமும் இருக்கிறதே என்று அதை மட்டும் படித்தாலும் போதாது. இரண்டும் முரண்பட்டால் அங்கே அரபிதான் செல்லும்.

பாம்பன் தம்பி
அது சரிண்ணே. ஆனால் படம் எடுக்க விடாத ஆபீசும் இருக்கிறது. போனை வெளியே வைத்துவிட்டு வா என்பான்.

தங்கச்சிமடத்துக்காரன்
கையெழுத்துக்குப் பக்கத்தில் "2000 மட்டும் பெற்றேன்" என்று தமிழில் எழுதிவைத்தால் செல்லுமா? தொண்டிக்காரர் நேற்றும் போன் போட்டுக் கேட்டார்.

கீழக்கரை டைப்பிஸ்ட்
எழுதி ஜெயித்தவரும் உண்டு, தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அவருடைய தாளின் நகல் யாரிடமாவது இருக்கிறதா, முதலில் அதைக் கேளுங்கள்.