‘கண்டிஷனல் கன்வெர்ஜென்ஸ்’: நிபந்தனைக் குவிதலா, வேறு சொல்லா?

மீனா:

குழுவினருக்கு வணக்கம்.

வளர்ச்சிப் பொருளியல் அத்தியாயம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘கண்டிஷனல் கன்வெர்ஜென்ஸ்’ வந்ததும் நான்கு நாளாக நகரவில்லை. முதல் வரைவில் ‘நிபந்தனைக் குவிதல்’ என்று போட்டேன். பதிப்பாசிரியர் அடைமொழியை வெட்டிவிட்டு, “ஏழை நாடுகள் பணக்கார நாடுகளை எட்டிப்பிடிக்கும்” என்று திருத்தி அனுப்பிவிட்டார். வாசகருக்கு எளிதாக இருக்குமாம். எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. ஏழையாக இருப்பதாலேயே ஒரு நாடு எட்டிப்பிடித்துவிடாது என்று சொல்லத்தானே அந்த அடைமொழி!

‘குவிதல்’ மீதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. லென்சில் ஒளி குவிகிறது, சரி. பொருளியலில் ‘செல்வம் குவிகிறது’ என்றால் ஒருசிலர் கையில் சேர்கிறது என்றல்லவா படிப்பார்கள்? இடைவெளி குறைவதைச் சொல்ல வந்த சொல், கூடுவதைச் சொல்லிவிடும்போல் இருக்கிறது.

ராசன்:

மீனாம்மா, ‘நிபந்தனை’ இருக்கட்டும், வெட்ட விடாதீர்கள். பன்னாட்டு நாணய நிதியம் கடன் கொடுக்கும்போது மானியத்தைக் குறை, வரியை ஏற்று என்று விதிக்கிறதே, அதற்குப் பணிந்த நாடு முன்னேறும் என்பதுதானே இந்தக் கொள்கை? அந்த அரசியல் தமிழில் மறையக் கூடாது. ‘நிபந்தனைவழி முன்னேற்றம்’ என்று போடலாம்.

செல்வம்:

ராசன், நீங்கள் சொல்வது கடன் நிபந்தனை. இங்கே நிபந்தனை போடுகிறவர் என்று யாருமே இல்லை. ஆனால் நீங்கள் இப்படிப் படித்ததே அந்தச் சொல்லுக்கு எதிரான நல்ல சாட்சி. பாதி வாசகர்கள் இப்படித்தான் படிப்பார்கள்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். இதன் வேர் 1956-இல் ராபர்ட் சோலோவும் டிரெவர் ஸ்வானும் தனித்தனியே எழுதிய வளர்ச்சி மாதிரி. அ, ஆ, இ என்று மூன்று நாடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் தொழில்நுட்பம் ஒன்றே, ஆண்டுக்கு 2 சதவீதம் மேம்படுகிறது. தேய்மானம் 3 சதவீதம். மூலதனத்தை எட்டு மடங்காக்கினால் உற்பத்தி இரண்டு மடங்குதான் ஆகும். கீழே வரும் எண்கள் எல்லாம் ஓர் உழைப்பாளிக்கு, அதுவும் தொழில்நுட்ப மேம்பாட்டைக் கழித்துவிட்டுப் பார்ப்பவை.

நாடு அ வருமானத்தில் 24 சதவீதம் சேமிக்கிறது. மக்கள்தொகை 1 சதவீதம் பெருகுகிறது. ஆளுக்கு இருக்கும் மூலதனம் கரையாமல் இருக்கவே ஆண்டுதோறும் அதில் 1 + 2 + 3, ஆக 6 சதவீதம் புதிதாகப் போட வேண்டும். அதனிடம் மூலதனம் 8 அலகு, உற்பத்தி 2 அலகு. சேமிப்பு 0.48, தேவை 8-இல் 6 சதவீதம், அதுவும் 0.48. வரவும் செலவும் சரி, இனி அது தொழில்நுட்பத்தின் 2 சதவீத வேகத்தில்தான் நகரும்.

நாடு ஆ 8 சதவீதம் சேமிக்கிறது, மக்கள்தொகை 3 சதவீதம் பெருகுகிறது. மூலதனம் 1, உற்பத்தி 1. சேமிப்பு 0.08. தேவை 3 + 2 + 3, அதாவது 8 சதவீதம், அதுவும் 0.08. அ-வில் பாதிதான் வருமானம், ஆனாலும் ஏறுவதற்கு மிச்சம் ஒன்றுமில்லை. இதுவும் 2 சதவீதத்தில்தான் போகும். இடைவெளி அப்படியே நிற்கும்.

இப்போது நாடு இ. இன்றைக்கு ஆ எவ்வளவு ஏழையோ அவ்வளவே ஏழை: மூலதனம் 1, உற்பத்தி 1. ஆனால் சேமிப்பும் மக்கள்தொகைப் பெருக்கமும் அ-வைப் போல. சேமிப்பு 0.24, தேவை வெறும் 0.06. மிச்சம் 0.18, ஆகவே மூலதனம் 18 சதவீதம் கூடுகிறது. உற்பத்தியில் அதன் விளைவு மூன்றில் ஒரு பங்கு, 6 சதவீதம். தொழில்நுட்பத்தின் 2 சதவீதத்தைச் சேர்த்தால் 8. இது அ-வை நெருங்குகிறது.

ஆ-வுக்கும் இ-க்கும் இன்றைய வறுமை ஒன்றுதான், போய்ச் சேரும் இடம்தான் வேறு. ஏழை என்பதாலேயே எந்த நாடும் வேகமாக வளர்வதில்லை. தான் போய் நிற்கப்போகும் இடத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வேகம். போய் நிற்கும் இடம் இதுதான்:

```
y* = √( s / (n + g + δ) )
```

சேமிப்பு, மக்கள்தொகைப் பெருக்கம், தொழில்நுட்ப மேம்பாடு, தேய்மானம் என்பவைதான் s, n, g, δ. வர்க்கமூலம் வருவது, உற்பத்தியில் மூலதனத்தின் பங்கை மூன்றில் ஒன்று என்று வைத்ததால்; எட்டு மடங்கு மூலதனத்துக்கு இரண்டு மடங்கு உற்பத்தி என்றது அதைத்தான். ஒரு நாடு இன்னொன்றை எட்டிப்பிடிக்க வேண்டுமானால் இருவருக்கும் இந்த y* ஒன்றாக இருந்தாக வேண்டும்.

கதிர்:

செல்வம் ஐயா, அருமை. ஆனால் என் புள்ளியியல் மூளைக்கு இது இன்னும் எளிது. வளர்ச்சி வீதத்துக்கான தொடர்புப் போக்குச் சமன்பாட்டில் சேமிப்பையும் மக்கள்தொகையையும் உள்ளே போட்டுவிட்டால் தொடக்க வருமானத்தின் கெழு எதிர்மறையாக வரும், அதாவது ஏழையாகத் தொடங்கிய நாடு வேகமாக வளரும், அவ்வளவுதான் விஷயம். ‘நிபந்தனை நிகழ்தகவு’ என்கிறோமே, அதே நிபந்தனை. எனவே ‘நிபந்தனை’ சரியான சொல்தான். இன்னொன்று, ஆ நாடு சேமிப்பை 24-க்கு ஏற்றினால் அதுவும் 8 சதவீத வளர்ச்சியைப் பிடித்துவிடும், இல்லையா?

செல்வம்:

முதல் பாதி சரி, கதிர். 1992-இல் மேன்கிவ், ரோமர், வெயில் மூவரும் செய்தது அதைத்தான். எண்ணெய் வள நாடுகளை விட்டுவிட்டு 98 நாடுகள், 1960 முதல் 1985 வரை. தொடக்க வருமானத்தை மட்டும் வைத்தால் ஏழை நாடுகள் வேகமாக வளர்ந்த தடயம் இல்லை. முதலீட்டு வீதத்தையும் மக்கள்தொகைப் பெருக்கத்தையும் சேர்த்ததும் தெரிய ஆரம்பித்தது.

இரண்டாம் பாதி தவறு. ஒன்று, மக்கள்தொகைப் பெருக்கம் 3-லேயே நின்றால் ஆ-வின் புதிய இடம் √(24/8), அதாவது 1.73. அ-வின் 2-ஐ அது தொடாது. இரண்டாவது, 8 சதவீதம் என்பது இ-க்குக்கூட முதல் ஆண்டுக் கணக்குதான். மூலதனம் ஏற ஏறத் தேவையும் ஏறும், மூலதனத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் சுருங்கும். இ-யின் உற்பத்தி 17 ஆண்டில் சுமார் 1.58, 35 ஆண்டில் 1.81. கடைசியில் அதுவும் 2 சதவீதத்துக்கே வந்துவிடும். சேமிப்பு உயர்த்துவது நாடு சென்று சேரும் மட்டத்தைத்தான். நிரந்தர வேகத்தை அது உயர்த்தாது.

தாரணி:

நடுவில் வந்து குழப்புகிறேன், மன்னிக்கவும். வகுப்பில் ஒரு பயிற்சிக்காக நானே வரைபடம் போட்டேன். கிடைமட்டத்தில் பழைய வருமானம், செங்குத்தில் வளர்ச்சி. எனக்கு எந்த நிபந்தனையும் இல்லாமலே அழகாகச் சரியும் கோடு வந்தது. நீண்டகாலத் தரவு கிடைத்த நாடுகளாகப் பார்த்து எடுத்தேன், எல்லாம் இப்போது வளர்ந்த நாடுகள். அப்படியானால் அடைமொழியே தேவையில்லையோ?

செல்வம்:

தாரணி, உங்களுக்கு முன்னால் பெரியவர் ஒருவரும் இதே குழியில் விழுந்திருக்கிறார். வில்லியம் பாமோல் 1986-இல், ஆங்கஸ் மாடிசன் என்ற பொருளியலாளர் தொகுத்த, 1870 முதலான தரவை வைத்து 16 நாடுகள் ஒன்றையொன்று நெருங்குவதாகக் காட்டினார். 1988-இல் பொருளியலாளர் டி லாங் கேட்ட கேள்வி எளியது: இன்று பணக்காரராக இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டு, ‘அன்று எப்படி இருந்தீர்கள்’ என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? 1870-இல் வளரும் என்று எதிர்பார்க்கத்தக்க நிலையில் இருந்த அர்ஜென்டினா, சிலி, போர்ச்சுகல் போன்றவற்றையும் சேர்த்ததும் அந்த அழகான கோடு கலைந்துபோனது. உங்கள் பட்டியலையும் இன்றைய நிலையைப் பார்க்காமல் தொடக்க ஆண்டு நிலையை வைத்துத் தேர்ந்தெடுத்து வரைந்து பாருங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பணக்கார நாடுகளுக்குள் மட்டும் பார்த்தால் சேமிப்பும் மக்கள்தொகைப் பெருக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறிய கூட்டம் அது. அதனால்தான் அடைமொழி கண்ணில் படுவதில்லை.

மீனா:

இப்போது எனக்கு வேறொரு சிக்கல் புரிகிறது. இலங்கைப் பாடநூல் பழக்கத்தில் ‘ஒருங்கல்’ என்று ஒரு நண்பர் சொன்னார். ‘குவிதல்’ தரும் செல்வக் குழப்பம் அதில் இல்லை, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒருங்கல் என்றால் ஒன்றாகச் சேர்வது. ஆ-வும் அ-வும் ஒன்றாகச் சேரவே போவதில்லையே! ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் போகிறது. நாம் தேடும் சொல்லில் ‘ஒரு’ இருப்பதே பொய்யோ?

‘தன்னிலை ஒருங்கல்’ என்று யோசித்தேன். அவரவர் நிலையை நோக்கி என்ற பொருளில்.

கதிர்:

‘தன்னிலை’ வேண்டாம் அக்கா. இலக்கியத் திறனாய்வில் அதை வேறு பொருளில் பிடித்துவைத்திருக்கிறார்கள். தேடினால் முழுக்க அகவுணர்வுக் கட்டுரைகளாகத்தான் வரும். ‘ஒருங்கல்’ என்றாலும் பலர் ஒருங்கிணைப்பு என்று படிப்பார்கள். நாடுகள் பொதுச் சந்தை அமைத்துக்கொள்கின்றன என்று நினைத்துவிடுவார்கள்.

நான் முன்பு சொன்னதையும் திருத்திக்கொள்கிறேன். சமன்பாட்டில் நிபந்தனை என்பது ‘இவற்றை மாறாமல் வைத்துப் பார்த்தால்’ என்ற கணக்கு வேலை. நாட்டில் அது நடந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழில் ‘நிபந்தனை’ என்றதும் இரண்டாவதுதான் முதலில் மனதுக்கு வருகிறது.

செல்வம்:

‘தத்தம்நிலை நெருங்கல்’ எப்படி? நாடு தன் y*-ஐ நெருங்குகிறது. நெருங்கல் என்றால் ஒன்றாவது என்ற வாக்குறுதி இல்லை. அடைமொழி இல்லாத வகைக்கு ‘பொதுநிலை நெருங்கல்’ என்று இணைச்சொல்லும் கிடைக்கும். கணிதத்தில் தொடர் ஒருங்குவதை அப்படியே விட்டுவிடலாம், அதைத் தொட வேண்டாம்.

சொல்லைத் தாண்டி ஒரு எச்சரிக்கையும் அடிக்குறிப்பில் போடுங்கள். நான் கொடுத்த எண்களில் மிச்ச இடைவெளி ஆண்டுக்கு 4 சதவீதம் குறைய வேண்டும். மேன்கிவ் குழுவின் தரவில், பள்ளிக் கல்வியையும் சேர்த்த பிறகு, நாடுகளின் தொகுதியைப் பொறுத்து 1.4 முதல் 2 சதவீதம்தான் கிடைத்தது. கல்வியையும் மூலதனமாக எண்ணி மூலதனத்தின் பங்கை மூன்றில் இரண்டாக்கினால் மாதிரியும் 2-க்கு இறங்கிவரும். அவர்கள் சொன்ன தீர்வு அதுதான்.

ராசன்:

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நெருடுகிறது. சேமிப்பும் பிள்ளைப்பேறும் நாட்டின் குணம் என்பதுபோல் பேசுகிறீர்கள். ஏழை நாடு குறைவாகச் சேமிப்பது ஏழையாக இருப்பதால்தானே? அப்படியானால் ‘சேமிப்பு ஒன்றாக இருந்தால் எட்டிப்பிடிக்கும்’ என்பது ‘பணக்காரனாக இருந்தால் பணக்காரன் ஆவாய்’ என்பதற்கு எவ்வளவு தூரம்?

செல்வம்:

அதிக தூரமில்லை, ராசன். சோலோ மாதிரியில் s வெளியிலிருந்து வருகிறது, ஏன் அந்த அளவு என்று மாதிரி கேட்பதில்லை. வருமானமே சேமிப்பைத் தீர்மானிக்கிறது என்று வைத்தால் ஒரே நாட்டுக்குப் போய் நிற்கும் இடங்கள் இரண்டு கிடைக்கலாம், கீழ் இடத்தில் சிக்கிக்கொள்ளலாம். வறுமைப் பொறி என்று பேசுகிறவர்களின் வாதம் அதுதான். இன்றும் சண்டை ஓயவில்லை.

மீனா:

‘தத்தம்நிலை நெருங்கல்’ என்று வைத்து, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘கண்டிஷனல் கன்வெர்ஜென்ஸ்’ என்று பக்கத்தில் எழுதப்போகிறேன். செல்வம் ஐயாவின் ஆ, இ நாடுகளை அனுமதியோடு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பதிப்பாசிரியர் இந்த முறை ‘தத்தம்’மை வெட்டினால் அந்த இரண்டு நாடுகளையும் அவருக்கே அனுப்பிவைக்கிறேன்.

தாரணி:

வரைபடத்தை மறுபடி போட்டேன். கோடு கிட்டத்தட்ட படுத்துவிட்டது. ஆனால் ‘நெருங்கல்’ எனக்கு இன்னும் ஒட்டவில்லை, பேருந்தில் நெரிசல் மாதிரி இருக்கிறது. ‘அணுகல்’ ஆகாதா?