‘ஆறுபதம்’ சரிப்படுமா? கஸ்டர்டுக்கு ஒரு சொல் தேவை

திருமங்கலத்திலிருந்து:
மகளிர் குழு ஒன்றுக்குச் சமையல் கையேடு எழுதுகிறேன். கஸ்டர்டு பக்கத்தில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். போன வாரம் பழக் கலவைக்காக ஒரு லிட்டர் பாலுக்கு 45 கிராம் பொடி, 100 கிராம் சர்க்கரை என்று செய்துகாட்டினேன். அடுப்பில் பார்க்கத் தண்ணியாக இருக்கிறதே என்று, நான் திரும்புவதற்குள் ஒரு அக்கா இன்னும் 30 கிராமைக் கரைத்து ஊற்றிவிட்டார். மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் கரண்டி இறங்கவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். அடுப்பில் இருக்கும் கெட்டி வேறு, ஆறிய பின் வரும் கெட்டி வேறு. இரண்டையும் ‘பதம்’ என்றே சொன்னால் இப்படித்தான் ஆகும். முதலாவதைச் ‘சூட்டுப்பதம்’, இரண்டாவதை ‘ஆறுபதம்’ என்று வைக்கலாமா?

சிம்மக்கல்லிலிருந்து:
ஆறு பதமா? மற்ற ஐந்து எவை? எங்கள் வீட்டில் பாகுக்கே இரண்டு கம்பிப் பதத்துக்கு மேல் தெரியாது.

மேலூரிலிருந்து:
அவர் சொல்வது ஆறுகிற பதம், எண் இல்லை. ஆனால் நீங்கள் குழம்பியதே அந்தச் சொல் சரியில்லை என்பதற்குச் சாட்சி. எதற்குப் புதுச்சொல்? ஆறும்போது ஆவி போகிறது, தண்ணீர் வற்றுகிறது, கெட்டியாகிறது. ‘வற்றல் பதம்’ என்றால் போதும்.

அண்ணாநகரிலிருந்து (இருபது வருடமாகப் பந்தி வேலை):
வற்றுவது கொஞ்சம் உண்மைதான், மேலே ஏடு கட்டுவது அதனால்தான். ஆனால் கஸ்டர்டின் மேலேயே படும்படி பாலித்தீன் தாளை ஒட்டி மூடி வையுங்கள். ஆவி போக வழியில்லை, அப்போதும் இறுகும். பொடியில் பெரும்பங்கு சோளமாவுதான், மீதி நிறமும் வாசனையும். சூட்டில் மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து ஊதுகின்றன, அது சூட்டுப்பதம். அவற்றிலிருந்து வெளிவந்த மாவுச்சத்து இழைகள் ஆறும்போது ஒன்றோடொன்று பின்னி வலை கட்டுகின்றன, அது இரண்டாவது. ஆகவே ‘வற்றல்’ வேண்டாம். தவிர, நம் ஊரில் வற்றல் என்றால் மோர் மிளகாய்தான் நினைவுக்கு வரும்.

நான் எடுக்கும் அளவைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் பாலுக்கு 35 கிராம் போட்டால் ஆறிய பின்னும் ஊற்றலாம். 45 முதல் 50 வரை கரண்டியில் ஒட்டி நிற்கும், பழக் கலவைக்கு அதுதான். அச்சில் ஊற்றிக் கவிழ்க்க 85 முதல் 90 வேண்டும். அந்த அக்கா 75-க்குக் கொண்டுபோய்விட்டார், அது இரண்டும் கெட்டான். சர்க்கரை 100 முதல் 120 கிராம். அதைவிட மிகவும் கூட்டினால் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மாவு ஊதுவது தாமதமாகும், இறுகலும் இளகும்.

பொடியைக் கால் டம்ளர் ஆறிய பாலில் கரைத்து, கொதிக்கும் பாலில் கிண்டிக்கொண்டே ஊற்றி, குமிழ் வந்த பின் ஒரு நிமிடம் வேகவிடுங்கள். முன்னாலேயே இறக்கினால் பச்சை மாவு நாக்கில் தட்டும். கெட்டி போதுமா என்று சட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி விட்டு, இரண்டு நிமிடம் கழித்துத் தட்டைச் சாயுங்கள். அது ஓடும் வேகம்தான் நாளைய கஸ்டர்டுக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

சிம்மக்கல்லிலிருந்து:
கஞ்சி, கூழ், களி என்று நம்மிடம் மூன்று கெட்டிக்கும் பெயர் இருக்கிறதே! 35 கஞ்சிப்பதம், 50 கூழ்ப்பதம், 90 களிப்பதம். அதிகாலையில் பருத்திப்பால் விற்பவருக்குக்கூடப் புரியும், அதிலும் அரிசிமாவுதானே கெட்டி கொடுக்கிறது.

திருமங்கலத்திலிருந்து:
அண்ணே, இது பிரமாதம், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த நிலையின் கெட்டி என்பதற்கு இன்னும் சொல் வேண்டும். ‘ஆறியபதம்’ என்று எழுதினால் எண் குழப்பம் இராது. ‘ஆறியபதம்: கூழ்’ என்று தலைப்பிலேயே போட்டுவிடலாம்.

உசிலம்பட்டியிலிருந்து:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு எதிர்மாறாக நடந்தது. நேற்று நன்றாக இறுகியிருந்தது, இன்று மதியம் மேலே தண்ணீராக நின்றது. பால்காரரைத் திட்டிவிட்டேன்.

அண்ணாநகரிலிருந்து:
பால்காரர் மேல் பழி வேண்டாம் தம்பி. ருசி பார்த்த கரண்டியையே திரும்பப் போட்டீர்களா? எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும், மொத்தமும் இளகும். அப்படியில்லாமல் கஸ்டர்டு கட்டியாகவே இருந்து ஓரத்தில் தண்ணீர் மட்டும் நின்றால், வலை இறுகி நீரைப் பிழிந்து தள்ளியிருக்கிறது. நாள் ஆக ஆக அப்படி வரும், உறையவைத்து எடுத்தால் இன்னும் மோசம்.

உசிலம்பட்டியிலிருந்து:
கரண்டிதான். பிள்ளைகள்.

மேலூரிலிருந்து:
அந்த இரண்டாவதற்கும் சொல் வேண்டுமே. தயிர் ‘நீர் விட்டிருக்கிறது’ என்போம். ‘நீர்விடல்’?

திருமங்கலத்திலிருந்து:
குழுவில் உள்ளவர்கள் அதைத் தண்ணீர் சேர்ப்பது என்று படிப்பார்கள். ‘நீர்பிரிதல்’ பார்க்கிறேன். அக்காவிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.